நீலப் போர்வையும் அதன் மடிப்புகளும்: குழந்தைப் படத்தின் பின்னணி ஏன் ஒரே கிளிக்கில் போவதில்லை

“பின்னாடி இருக்கிற துணிய மட்டும் தூக்கிடுங்கண்ணா, ஒரு கிளிக்தானே.”

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்டூடியோவில் ஜூன் மாதம் வந்தால் இந்த வரியைத் தினமும் கேட்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். எல்.கே.ஜி.யில் சேரும் பிள்ளைக்கு அடையாள அட்டைப் படம் வேண்டும். பிள்ளையோ கடைக்கு வந்தால் ஃபிளாஷைப் பார்த்து அழும். அதனால் வீட்டிலேயே இரும்பு பீரோவின் மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, போனில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முகம் அருமையாக வந்திருக்கும், சிரிப்பும் இருக்கும். பின்னால் போர்வை மட்டும் எட்டாக மடித்துப் பீரோவில் வைத்திருந்த கதையை அப்படியே சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்தப் போர்வையை நீக்குவதுதான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் வேலை. “சாஃப்ட்வேர் சரியில்லை”, “வெர்ஷன் பழசு” என்கிறார்கள். துணி கசங்கியிருந்தால், நிறத்தை வைத்துப் பிடிக்கும் கருவி பழைய வெர்ஷனிலும் தடுமாறும், புதியதிலும் தடுமாறும். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அண்மையில் வந்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன்: மூன்று வயதுப் பெண் குழந்தை, சிவப்புச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவியும் அடங்காத முடி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, பின்னால் கசங்கிய நீலப் போர்வை.

மொட்டை மாடி லுங்கி

மொட்டை மாடிக் கொடியில் ஒரு நீல லுங்கி காய்கிறது. பாதி வெயிலில், மீதிப் பாதி தண்ணீர் தொட்டியின் நிழலில். இரண்டு லுங்கி காய்கிறது என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். வெயிலில் இருக்கும் நீலமும் நிழலில் இருக்கும் நீலமும் கண்ணுக்குள் வேறு வேறு அளவு வெளிச்சமாகத்தான் நுழைகின்றன. ஆனால் நம் மூளை வெளிச்சத்தைத் தள்ளிவிட்டு, “துணி ஒன்றுதான்” என்று முடிவு கட்டிவிடுகிறது.

கணினியிடம் அந்த மூளை கிடையாது. அதற்கு ஒரு படம் என்பது சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அவ்வளவுதான். குழந்தையும் அதற்கு எண், போர்வையும் எண்.

நம் படத்தில் போர்வையின் சமமான இடத்தில் சிவப்பு 70, பச்சை 110, நீலம் 180. ஒரு மடிப்பின் பள்ளத்தில் 35, 55, 90. அதே துணி, அதே சாயம், வெளிச்சம் மட்டும் குறைவு. எண்களைப் பார்த்தால் எல்லாமே பாதியாகிவிட்டது. கணினிக்கு இது வேறு துணி.

மந்திரக்கோல் செய்யும் கணக்கு

செலக்‌ஷன் என்றால் “இந்த பிக்சல்கள் மட்டும்” என்று வேலி போடுவது. அதற்கு எல்லோரும் முதலில் எடுப்பது மேஜிக் வாண்ட். ஓர் இடத்தில் கிளிக் செய்தால், அதற்கு ஒத்த எண்கள் உள்ள பிக்சல்களைப் பொறுக்கும். எவ்வளவு வித்தியாசம் வரை ஒத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது டாலரன்ஸ். ஃபோட்டோஷாப்பில் அது வழக்கமாக 32 என்று இருக்கும்.

சமமான இடத்தில் கிளிக் செய்தேன். சிவப்பு 38 முதல் 102 வரை, பச்சை 78 முதல் 142 வரை, நீலம் 148 முதல் 212 வரை உள்ள பிக்சல்கள் வேலிக்குள் வந்தன. மடிப்பின் பள்ளத்தில் உள்ள 35, 55, 90 மூன்று கணக்கிலும் வெளியே. அதனால் போர்வை துண்டு துண்டாகத் தேர்வாகி, மடிப்பெல்லாம் வரிக்குதிரைக் கோடு மாதிரி மிஞ்சி நிற்கும்.

உடனே எல்லோரும் செய்வது டாலரன்ஸைக் கூட்டுவது. மடிப்பையும் சேர்க்க வேண்டும் என்றால் நீலத்தில் 180-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 90 வரை கூட்ட வேண்டும். அப்போது சிவப்பு 160 வரை, பச்சை 20 முதல் 200 வரை, நீலம் 90-க்கு மேல் எதுவானாலும் உள்ளே. குழந்தையின் கன்னம் 165, 115, 85. மயிரிழையில் தப்பிக்கிறது. காதோரமும் கழுத்தும் கன்னத்தைவிடக் கொஞ்சம் நிழலில், போர்வையின் நீலம் லேசாக அடித்த இடங்கள். அங்கே 150, 108, 95. அது நேராக வேலிக்குள் விழுகிறது. Delete அழுத்தினால் காது போய்விடும். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு காதைத் தின்றுவிட்டு, அச்சடித்த பிறகுதான் நான் கவனித்தேன். அந்தக் குழந்தையின் அம்மா எதுவும் சொல்லாமல் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எண்ணைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்துப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. Quick Selection அந்த வகை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் எண் எங்கே சடாரென்று மாறுகிறதோ அதுதான் ஓரம் என்று அது நினைக்கும். துணி மடிப்பில் வெளிச்சம் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும், அதனால் ஓரளவு தாங்கும். போர்வைக்குப் பதில் சிலர் பின்னால் மாட்டும் சார்ட் பேப்பர் அப்படியில்லை. ஒருமுறை மடங்கினால் மடங்கிய கோடு கத்தியால் கீறியது போல நிற்கும். குழந்தையின் தோளோரத்தைவிட அந்தக் கோடு கூர்மையாக இருந்தால், கருவி தோளை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: மடிப்பு துணியின் நிறத்தை மாற்றுவதில்லை, வெளிச்சத்தை மாற்றுகிறது. நாம் எடுக்கும் கருவிகள் இரண்டையும் கலந்து பார்க்கின்றன. அதனால் வெளிச்சத்தைத் தனியாகப் பிரித்து ஓரமாக வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அரை டீ, முழு டீ

டீக்கடையில் ஒரே பாத்திரத்திலிருந்து ஒரு கிளாஸில் முழு டீயும் இன்னொன்றில் அரை டீயும் ஊற்றுகிறார்கள். அளவு வேறு, ஆனால் பாலும் டிக்காஷனும் சேர்ந்த விகிதம் ஒன்றே. குடித்தால் ஒரே ருசி.

போர்வையின் எண்களை இப்படிப் பாருங்கள். 70, 110, 180 என்பது 7-க்கு 11-க்கு 18. மடிப்பில் 35, 55, 90. அதுவும் 7-க்கு 11-க்கு 18. கிளாஸ்தான் பாதி, டீ அதே டீ. குழந்தையின் கன்னம் 165, 115, 85. அங்கே சிவப்பு தூக்கலாக, நீலம் குறைவாக, விகிதமே தலைகீழ். துணியையும் குழந்தையையும் பிரிக்க வேண்டிய இடம் அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது.

இந்தப் பிரிப்பை நமக்காகச் செய்து வைத்திருக்கும் முறைதான் Lab. இதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள்: L வெளிச்சம், a பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் நடுவே எங்கே என்பது, b நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே எங்கே என்பது. இப்படி ஒரே வகை எண்ணை மட்டும் தனியாக எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாகக் காட்டினால் அதற்குப் பெயர் சேனல். b சேனலில் 128 என்பது நடு. நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. நீலம் கூடக்கூட 128-க்குக் கீழே கறுக்கும், மஞ்சள் கூடக்கூட மேலே வெளுக்கும்.

நம் படத்தின் நான்கு இடங்களை L-இல் முதலில் பார்ப்போம். L-ஐ 0 முதல் 100 வரை அளப்பார்கள். போர்வையின் சமமான இடம் ஏறக்குறைய 47, மடிப்பு 23, கன்னம் 53, முடி 9. போர்வையும் கன்னமும் பக்கத்தில் பக்கத்தில், மடிப்பு நடுவில் எங்கேயோ. குழப்பம் முழுக்க இந்த ஒரு சேனலில்தான்.

அதே நான்கு இடங்களின் b: போர்வை 87, மடிப்பு 105, முடி 130, கன்னம் 152. போர்வையும் மடிப்பும் 128-க்குக் கீழே ஒரு பக்கம், குழந்தை முழுக்க மறுபக்கம். நடுவே 105-க்கும் 130-க்கும் இடையில் யாருமே இல்லாத ஒரு சந்து. மடிப்பு முழுதாக மறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். வெளிச்சம் குறையும்போது நிறத்தின் அழுத்தமும் கொஞ்சம் குறையும், அதனால்தான் 87 இருந்த இடம் 105 ஆனது. ஆனால் கோட்டைத் தாண்டி குழந்தை பக்கம் வரவில்லை. நமக்கு அது போதும்.

செய்யும் முறை

ஃபோட்டோஷாப்பில் முதலில் `Image > Duplicate` கொடுத்து ஒரு நகல் எடுங்கள். அசலை Lab-க்கு மாற்றித் திரும்பக் கொண்டுவந்தால் நிறங்களில் சின்னச் சின்ன இழப்பு வரும். நகலில் `Image > Mode > Lab Color`. Channels பலகையில் b-ஐ மட்டும் கிளிக் செய்தால் போர்வை கருஞ்சாம்பலாகவும் குழந்தை வெளிர்சாம்பலாகவும் தெரியும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து `Duplicate Channel`. அங்கே Document என்ற இடத்தில் அசல் படத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சேனல் அசலுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அசலுக்கு வந்து, அந்தச் சேனலில் `Levels` திறந்து கறுப்பு முனையை 108-க்கும் வெள்ளை முனையை 126-க்கும் நகர்த்துங்கள். 108-க்குக் கீழே எல்லாம் சுத்தக் கறுப்பு, 126-க்கு மேல் எல்லாம் சுத்த வெள்ளை, நடுவே ஒரு மெல்லிய சரிவு. இந்த எண்கள் நம் படத்துக்கு உரியவை. உங்கள் போர்வையின் நீலம் வேறாக இருந்தால் சந்து வேறு இடத்தில் இருக்கும். மடிப்பு கறுக்கும் வரை கறுப்பு முனையையும், முடி வெளுக்கும் வரை வெள்ளை முனையையும் நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது Ctrl-ஐப் பிடித்துக்கொண்டு அந்தச் சேனலின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் குழந்தை செலக்‌ஷன் ஆகிவிடும். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள். பூட்டிய லேயராக இருந்தால் பூட்டைத் திறந்துவிட்டு `Layer > Layer Mask > Reveal Selection`. மாஸ்க் என்பது கறுப்புள்ள இடத்தை மறைத்து வெள்ளையுள்ள இடத்தைக் காட்டும் ஒரு திரை. எதையும் அழிப்பதில்லை என்பதால், தப்பு செய்தாலும் வெள்ளை பிரஷ்ஷால் காதைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம்.

காசு கொடுத்து வாங்காத ஜிம்ப் வைத்திருப்பவர்களுக்கு `Colors > Components > Decompose`, அதில் LAB. மூன்று சேனல்களும் மூன்று லேயர்களாக வரும். எண்கள் நான் சொன்னதோடு அப்படியே ஒத்துப்போகாமல் இருக்கலாம், ஆனால் சந்து இருக்கும்.

சிவப்புச் சட்டை, திருஷ்டிப் பொட்டு எல்லாம் இதில் பத்திரம். பொட்டு கறுப்பு என்பதால் b-இல் 128-க்குப் பக்கத்தில் நிற்கும், போர்வையோடு சேராது. பட்டுப் பாவாடையில் நீல பார்டர் இருந்தால் மட்டும் அது போர்வையோடு சேர்ந்து மறைந்துவிடும். மாஸ்க்கில் வெள்ளையடித்துத் திரும்ப எடுக்க வேண்டியதுதான். தலையில் மல்லிகைப் பூ வைத்திருந்தால் அதையும் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பூ பக்கத்து நீலத்தை வாங்கிக்கொள்ளும்; நிழலில் உள்ள இதழ்கள் பாதி மறைந்து கண்ணாடிப் பூ மாதிரி ஆகியிருக்கும்.

பளபளப்பான சார்ட் பேப்பர் பின்னணியில் வேறொன்று நடக்கும். மடங்கிய கோட்டின் முகட்டில் வெளிச்சம் பட்டு வெள்ளையாகப் பளிச்சிடும் அல்லவா? அங்கே நிறமே இல்லை, விகிதம் பேச ஒன்றுமில்லை. அந்த இடத்தின் b 128-க்கு ஓடிப்போய்க் குழந்தை பக்கம் சேர்ந்துகொள்ளும். மாஸ்க்கில் பின்னணி நடுவே வெள்ளைக் கீற்றுகள் மிதந்தால் அவை இவைதான். குழந்தையை ஒட்டாதவரை பிரஷ்ஷால் கறுப்படித்தால் போயிற்று.

சுருக்கமாக: படத்தின் வெளிச்சத்தை L-இல் விட்டுவிட்டு, நிறம் மட்டும் பேசும் சேனலில் குழந்தையைப் பிரித்தோம். உடம்பு, சட்டை, கை கால் எல்லாம் முடிந்தது. மிச்சம் முடி.

முடிக்கு வேறு சேனல்

b சேனலை முடிக்குப் பக்கத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரம் படிக்கட்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். இது கருவியின் குற்றம் இல்லை. போனில் எடுக்கும் ஜேபெக் படங்கள் இடத்தை மிச்சம் பிடிக்க, வெளிச்சத்தை முழு விவரத்தோடும் நிறத்தைக் குறைந்த விவரத்தோடும் சேமிக்கின்றன. பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான். கண்ணுக்கு இது தெரியாது. நிறத்தை மட்டும் தனியாக உரித்து எடுத்த நமக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் இன்னும் மோசம். அதனால்தான் நான் எல்லோரிடமும் “டாக்குமெண்டா அனுப்புங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

குழந்தை முடி மெல்லியது. ஒரு முடி ஒரு பிக்சலை முழுதாக மறைக்காது. கொசுவலைக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் பார்ப்பது போல, அந்தப் பிக்சலில் கொஞ்சம் முடியும் கொஞ்சம் போர்வையும் கலந்திருக்கும். அப்படிப்பட்ட பிக்சலை “உள்ளே” என்றும் சொல்ல முடியாது, “வெளியே” என்றும் சொல்ல முடியாது. 40 பங்கு முடி என்றால் மாஸ்க்கில் 40 பங்கு வெளுப்பு இருக்க வேண்டும்.

இதற்கு அசல் படத்தின் சாதாரண சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களுக்கே திரும்பலாம். சிவப்பில் போர்வை 70, மடிப்பு 35, முடி 30. மடிப்பும் முடியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உதவாது. நீலத்தில் போர்வை 180, மடிப்பு 90, முடி 25. நீலத் துணி நீல வெளிச்சத்தில் நிழலிலும் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. முடி எதிலும் கறுப்பு. ஆகவே நீலச் சேனலின் நகலில் `Levels`-ஐ 30-க்கும் 85-க்கும் வையுங்கள். போர்வையும் மடிப்பும் சேர்ந்து வெள்ளையாகிவிடும், முடி கறுப்பாக நிற்கும், கலப்புப் பிக்சல்கள் நடுவில் சாம்பலாக இருக்கும். பிறகு `Image > Adjustments > Invert`, முடி வெள்ளை.

இந்தச் சேனலில் கன்னமும் போர்வையோடு சேர்ந்து போய்விட்டது, அதனால் இதை முழுப் படத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. முதலில் லேயர் மாஸ்க்கில் முடியின் படிக்கட்டு ஓரத்தைக் கறுப்பு பிரஷ்ஷால் உள்ளே தள்ளுங்கள், அடர்ந்த முடி தொடங்கும் வரை. அப்புறம் முடிச் சேனலை Ctrl கிளிக் செய்து செலக்‌ஷனாக ஏற்றி, மாஸ்க்கில் தலையைச் சுற்றி மட்டும் வெள்ளையடியுங்கள். இழை இழையாக முடி திரும்பி வரும்.

வந்த முடியில் நீலச் சாயல் ஒட்டியிருக்கும். கலப்புப் பிக்சலின் நிறத்தில் போர்வை இன்னும் இருக்கிறதே. அடையாள அட்டையின் வெள்ளைப் பின்னணியில் அது பளிச்சென்று தெரியும். மேலே ஒரு புது லேயர், கீழ் லேயர் தெரியும் இடத்தில் மட்டும் தெரியும்படி அதோடு கிளிப் செய்து, கலப்பு முறை Color. குழந்தையின் முடியிலிருந்தே நிறத்தை எடுத்து ஓரத்தில் லேசாகத் தடவினால் நீலம் போய்விடும். பெட்டியில் Color என்பதற்குப் பதில் Normal இருந்தால் முடி பிசினாகிவிடும், ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை வேட்டி தொங்கினால்

இதுவரை சொன்னது எல்லாம் துணிக்கு நிறம் இருந்தால்தான். அப்பாவின் வேட்டியைத் தொங்கவிட்டு, வெள்ளைச் சட்டை போட்ட பையனை நிறுத்தினால் b சேனலில் வேட்டி, மடிப்பு, சட்டை எல்லாம் 128-இல் வந்து உட்காரும். பிரிக்க நிறமே இல்லை.

அங்கே நான் வேட்டியை நீக்கவே முயல்வதில்லை. எப்படியும் வெள்ளைப் பின்னணிதான் கேட்பார்கள். வேட்டியின் மடிப்பு 190, மேடு 240 என்றால், `Levels` சரிசெய்யும் லேயரில் வெள்ளை முனையை 185-க்கு இழுத்தால் இரண்டும் 255 ஆகி மடிப்பு கரைந்துவிடும். அந்த லேயரின் மாஸ்க்கில் குழந்தையை மட்டும் கறுப்பாக மூடுகிறேன். முடியை அவ்வளவு நுணுக்கமாக மூட வேண்டியதில்லை. கறுப்பு முடியை இந்த மாற்றம் பெரிதாகத் தொடாது. வெள்ளைச் சட்டையின் தோளோரத்தை மட்டும் பென் டூலால் கையால் வரைய வேண்டும், தப்பிக்க வழியில்லை. தோள் இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை.

அன்றைய நீலப் போர்வைப் படம் முடிய அரை மணி நேரம் ஆயிற்று. அப்பா வந்து திரையில் பார்த்தார். முடியையோ காதையோ கவனிக்கவில்லை.

“அண்ணா, கன்னத்துல அந்தப் பொட்ட மட்டும் எடுத்துடுங்களேன். ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க.”